பத்து மணிக்கு வந்த மனு

சென்ற மாதம் நெய்யாற்றின்கரை கோர்ட் வளாகத்துக்கு ஓய்வூதியச் சான்று கொடுக்கப் போயிருந்தேன். நான் இருபது வருடம் உட்கார்ந்த பெஞ்ச் கிளார்க் நாற்காலியில் இப்போது அனிலா என்ற பெண் இருக்கிறாள். பாறசாலைக்காரி. ரிமாண்ட் நீட்டிப்பெல்லாம் இப்போது திரையில் நடக்கிறது, ஜெயிலில் இருக்கும் ஆள் சுவரில் தெரிகிறான் என்று காட்டினாள். முதல் தடவை மட்டும் ஆளை நேரில் கொண்டுவந்தாக வேண்டும். பிறகு பழைய கோப்பு ஒன்றை எடுத்துக் கேட்டாள்.

"ஸாரே, உங்க காலத்து ரிமாண்ட் பேப்பர்ல எல்லாம் தேதிக்குப் பக்கத்துல மணியும் நிமிஷமும் பச்சை மையில எழுதியிருக்கு. இது எதுக்காக்கும்?"

அன்று சுருக்கமாக ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், அந்தக் கேள்விக்கு முழுப் பதில் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

நான் நகல் எழுதுபவனாகக் கோர்ட்டில் சேர்ந்தேன். சம்மன் கட்டு, முத்திரை, சொத்துப் பதிவேடு என்று ஒவ்வொரு மேசையாக நகர்ந்து, பெஞ்ச் கிளார்க் ஆகும்போது தலை பாதி நரைத்திருந்தது. அதுவரை சட்டம் என்றால் எனக்குப் படிவம்தான். எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும் என்பது தெரியும். அந்தக் கட்டம் ஏன் அங்கே இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் சுபத்ரா மேடம் எங்கள் கோர்ட்டுக்கு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டாக வந்தார். கண்ணூர்ப் பக்கம். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒருவர் பேசி முடித்த பிறகும் இரண்டு நொடி காத்திருப்பார், இன்னும் ஏதாவது மீதி இருக்கிறதா என்பதுபோல. அந்த இரண்டு நொடியில் பலரும் சொல்ல நினைக்காததைச் சொல்லிவிடுவார்கள். அவர் மேசையில் பச்சை மைப் பேனா ஒன்று உண்டு. போலீஸ் ஒருவரைக் கைது செய்து கொண்டுவந்தால், முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைத் தன் கையால் எழுதுவார். அதன் பிறகே ஆளைப் பார்ப்பார்.

கூட வந்த போலீஸ்காரர்களை வாசல்வரை பின்னால் போகச் சொல்வார். பிறகு அந்த ஆளை மேசைக்கு அருகில் அழைத்து மூன்று கேள்விகள் கேட்பார். எதற்காகப் பிடித்தார்கள் என்று உன்னிடம் சொன்னார்களா? வக்கீல் உண்டா? போலீசைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா? சாராய வழக்கோ கொலை வழக்கோ, யாராக இருந்தாலும் இந்த மூன்றும் உண்டு.

ஒருமுறை வெள்ளறடைப் பக்கத்திலிருந்து ஒரு கிழவரைக் கொண்டுவந்தார்கள். அறிக்கையில் கைது தேதி மட்டும் இருந்தது, நேரம் இல்லை. மேடம் தாளைத் திருப்பிக் கொடுத்தார். ஏட்டு வெளியே போய் ஒரு நேரத்தை எழுதிக்கொண்டு வந்தார். கிழவரிடம் கேட்டால் அவர் வேறு நேரம் சொன்னார். நாலு மணி நேர வித்தியாசம். ஜீப் வழியில் நின்றுவிட்டது என்றார் ஏட்டு.

"பயண நேரத்தைக் கழிக்கலாம் என்று அரசியல் சட்டம் சொல்கிறது" என்றார் மேடம். "ஜீப்பை ரிப்பேர் செய்த நேரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எழுத்தில் விளக்கம் கொடுங்கள்."

அன்று சாயங்காலம் கோப்பு கட்டும்போது நான் கேட்டேன், நாலு மணி நேரத்துக்கு இவ்வளவு கடுமை வேண்டுமா என்று. அவர் அலமாரியிலிருந்து அரசியல் சட்டப் புத்தகத்தை எடுத்து இருபத்திரண்டாம் பிரிவைத் திருப்பி என் முன்னால் வைத்தார். கைது செய்யப்பட்டவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், அவர் விரும்பும் வக்கீலைப் பார்க்க விட வேண்டும், பயண நேரம் நீங்கலாக இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அருகிலுள்ள மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல் அதற்குமேல் வைத்திருக்கக்கூடாது.

"இருபத்துநாலு மணி நேரம் போலீசின் கையில்" என்றார். "அதன் பிறகு அவன் வேறொரு கைக்கு வந்தாக வேண்டும். பிடிக்கிற கையும் வைத்திருக்கிற கையும் ஒன்றாக இருந்தால் கேட்க ஆள் இல்லை. அவ்வளவுதான் விஷயம்."

நான் தலையாட்டினேன். புரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் என் தங்கை எஸ்தரின் கணவர் தங்கராஜ் தாக்கப்பட்டார். அமரவிளையில் நெடுஞ்சாலை ஓரத்தில் அவருக்கு மலஞ்சரக்குக் கடை இருந்தது. குருமிளகு, காய்ந்த பாக்கு, ரப்பர் ஷீட். ஒரு மாலை, மழை இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில், யாரோ கடைக்குள் புகுந்து இரும்புக் கம்பியால் பின்தலையில் அடித்துப் பணப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பார்த்தவர் யாரும் இல்லை. அவர் பிழைத்தார், ஆனால் பேச்சு போய்விட்டது, வலது பக்கமும் விழுந்துவிட்டது. மெடிக்கல் காலேஜ் கட்டிலில் எஸ்தர் அவருக்குக் கஞ்சி ஊட்டும்போது அது வாயின் ஓரம் வழியாக வழிந்துகொண்டே இருக்கும். அவள் துடைத்துக்கொண்டே இருப்பாள்.

"அண்ணா, நீ கோர்ட்டுலல்லா இருக்க. அவனைப் பிடிக்கச் சொல்லு" என்றாள் ஒவ்வொரு முறையும்.

செல்லப்பன் என்ற பெயர் அடிபட்டது. வெள்ளறடையில் ரப்பர் வெட்டுகிறவன். முன்பு தங்கராஜின் கடையில் மூட்டை இறக்கியவன், ஏதோ வாக்குவாதத்தில் நின்றுபோனவன். அவன்தான் என்று ஊர் சொன்னது. நானும் அப்படியே நம்பினேன்.

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆபீஸ் திறந்ததும் ஒரு பெண் என் மேசை முன் வந்து நின்றாள். கையில் பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாள். தமிழில் எழுதியிருந்தது.

"ஸாரே, நான் வசந்தா. எனக்க மாப்பிளைய செவ்வாக்கிழமை வெடியக்காலம் ரப்பர் வெளையில வச்சு போலீசு கொண்டு போனாவ. ரெண்டு நாளாட்டு ஸ்டேஷனுக்குப் போறேன், இங்க இல்லங்குதாவ. ஆனா அவருக்க லுங்கி பின்னால கொடியில கெடக்குது ஸாரே. நான் தச்ச லுங்கியாக்கும். எனக்குத் தெரியாதா?"

தாளின் அடியில் கணவர் பெயர் இருந்தது. செல்லப்பன்.

என் பக்கத்து மேசையில் இருந்த ஹெட் கிளார்க் எட்டிப் பார்த்தார். "தமிழா? மலையாளத்துல எழுதி நாளைக்குக் கொண்டுவரச் சொல்லு" என்றார். அது எங்கள் வழக்கம். அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தால் ஒருவரும் என்னைக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். நான் அதைக்கூடச் சொல்லவில்லை. "அங்கின நில்லு" என்று சொல்லிவிட்டு, தாளை மேசை ஒற்றுத்தாளுக்கு அடியில் வைத்தேன்.

பதினோரு மணிக்குக் கோர்ட் கூடியது. நான் வழக்குகளைக் கூப்பிட்டேன். தேதி போட்டேன். வராந்தாத் தூணில் சாய்ந்து அந்தப் பெண் நின்றுகொண்டே இருந்தாள். என் மேசையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். என் மனதில் என்ன ஓடியது என்று இன்று மறைக்க வேண்டியதில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அவன் அங்கே இருந்தால் உண்மை வெளியே வரும் என்று நினைத்தேன். எஸ்தர் கஞ்சி துடைக்கும் துணி கண்ணில் வந்தது.

ஒரு வழக்கில் வக்கீல் வரத் தாமதமானது. மேடம் சேம்பருக்குள் போனார். அப்போது அந்தப் பெண்ணின் கண்ணை நான் நேராகப் பார்த்துவிட்டேன். அவள் கண்ணில் கோபம் இல்லை. இவர் கொண்டுபோவார் என்ற நம்பிக்கைதான் இருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. தாளை எடுத்துக்கொண்டு சேம்பருக்குள் போனேன்.

மேடத்துக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நான் வாசித்து மலையாளத்தில் சொன்னேன். முடித்ததும் அந்த இரண்டு நொடி காத்திருந்தார்.

"இது எப்போது வந்தது?"

"பத்து மணிக்கு."

கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று முப்பத்தைந்து. பச்சைப் பேனாவை எடுத்து அந்த நோட்டுத் தாளின் ஓரத்தில் எழுதினார்: காலை பத்து மணிக்குத் தாக்கல் ஆனது, பதினொன்று முப்பத்தைந்துக்கு என் முன் வைக்கப்பட்டது. என் பெயரையும் எழுதினார்.

"ஏன்?"

"தமிழில் இருந்தது..."

"குறையைச் சொல்லி எந்த அதிகாரிக்கும், இந்த நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் மனு எழுதலாம் என்று முந்நூற்றைம்பதாம் பிரிவு சொல்கிறது. அவள் எழுதியிருக்கிறாள். உங்களுக்கோ தமிழ் தெரியும். வேறு காரணம் உண்டா?"

சொல்லிவிட்டேன். தங்கை, தங்கராஜ், கம்பி, எல்லாம். இனி என்னை இந்தக் கோப்பிலிருந்தே விலக்குவார், நல்லது என்று நினைத்தேன்.

வசந்தாவை உள்ளே அழைத்துச் சத்தியம் செய்வித்து வாக்குமூலம் எடுத்தார். பிறகு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் தொண்ணூற்றேழாம் பிரிவில் தேடுதல் வாரண்ட் ஒன்றை எழுதத் தொடங்கினார். ஒருவரைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்திருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், அவரைத் தேடிக் கண்டுபிடித்து உடனே கொண்டுவரச் சொல்லும் வாரண்ட். சாதாரணமாக அதைப் போலீசுக்குத்தான் அனுப்புவார்கள். இங்கே தேட வேண்டிய இடமே போலீஸ் ஸ்டேஷன். அவசரமாக இருந்து, அதற்குப் போலீஸ் கிடைக்காவிட்டால் வேறொருவரிடமும் கொடுக்கலாம் என்று எழுபத்திரண்டாம் பிரிவில் இருக்கிறது. காரணத்தை விளக்கமாக எழுதி, நிறைவேற்றுபவர் பெயர் வரும் இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"நீங்கள் போங்கள்."

"மேடம், நான் அடிபட்டவருக்குச் சொந்தம்."

"அதனால்தான். அவன் அங்கே இருக்கிறான் என்று நீங்கள் சொன்னால், அவனுக்காகப் பொய் சொன்னீர்கள் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. இல்லை என்று சொல்ல நினைத்தால், கூட இரண்டு சாட்சிகள் இருப்பார்கள்."

வாரண்டின் அடியில் இன்னொரு வரி சேர்த்தார்: ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் கடைசிப் பதிவுக்குக் கீழே கோடு போட்டு, நேரம் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

ஒரு வாடகைக் காரில் போனோம். நான், வசந்தா, பியூன் ஒருவர். எல்லைப்பக்கத்து ஸ்டேஷன் அது, பெயர் வேண்டாம். எதிரே இருந்த டீக்கடைக்காரரையும், விடுமுறையில் இருந்த ஒரு பள்ளி ஆசிரியரையும் சாட்சிகளாக அழைத்தேன். டீக்கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நாளைக்கும் எனக்கு இங்கின கடை நடத்தணும் ஸாரே. நான் வரணுமா?"

"கோர்ட்டு உத்தரவு. நீங்க பாத்ததைப் பாத்தேன்னு சொன்னா போதும்."

"பாக்காம இருந்தா நல்லாருந்திருக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தார். ஆனால் வந்தார்.

எஸ்.ஐ. ராஜசேகரன் அறையில் இருந்தார். எனக்குத் தெரிந்தவர். வாரண்டைப் படித்தார். மறுபடியும் படித்தார். சாட்சிகளை வாசலில் விட்டு என்னைத் தனியாக ஜன்னல் பக்கம் அழைத்தார்.

"ஞானதாஸ் ஸாரே, நாங்க இது ஆருக்கு வேண்டி செய்யுதோம்? உங்க தங்கச்சிக்கு வேண்டியல்லா? இன்னும் ரெண்டு மணிக்கூர் தந்தா அவன் வாயத் திறப்பான். நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. வரும்போ எல்லாம் எழுதி ரெடியாயிருக்கும்."

இதே எண்ணத்தோடுதான் நானும் காலையில் அந்தத் தாளை ஒளித்து வைத்திருந்தேன். வேறொருவர் வாயிலிருந்து கேட்டபோது அது என்ன என்று தெரிந்தது.

"பின்னால உள்ள முறியைத் திறங்க ஸார்" என்றேன்.

"தங்கச்சிக்கிட்ட என்ன சொல்லுவீரு?"

"திறங்க ஸார்."

அவர் தடுக்கவில்லை. தடுத்தால் அதுவே வேறு குற்றம் என்று அவருக்குத் தெரியும். பழைய டயர்கள் அடுக்கிய அறை அது. மூலையில் ஒரு ஆள் உள்ளாடையோடு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இடது கையை வலது கையால் ஏந்தியிருந்தான். இரண்டு விரல்கள் ஊதி நிறம் மாறியிருந்தன. வசந்தா வெளியே போய், கொடியில் கிடந்த லுங்கியை எடுத்துவந்து அவன் மேல் போர்த்தினாள். "எழும்பும்" என்றாள். "கோர்ட்டுல இருந்து ஆளு வந்திருக்காவ."

எஸ்.ஐ. அதற்குள் நாட்குறிப்பை விரித்துப் பேனாவைத் திறந்திருந்தார். நான் அருகில் போய் நின்றேன். செவ்வாய் முதல் வியாழன்வரை செல்லப்பன் என்ற பெயர் எங்கும் இல்லை. கைது இல்லை, காரணம் இல்லை, விசாரணைக்கு அழைத்ததாகக்கூட ஒரு வரி இல்லை. எழுத்தில் அப்படி ஒரு மனிதனே அந்த ஸ்டேஷனுக்குள் வரவில்லை. கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டேன். ஒன்று இருபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாட்சிகளும் போட்டார்கள். டீக்கடைக்காரரின் கையெழுத்து நேராக இருந்தது, என்னுடையதுதான் கோணல்.

இரண்டரைக்கு அவனை மேடம் முன்னால் நிறுத்தினோம். வராந்தாவில் அதற்குள் செய்தி பரவி, அமரவிளையிலிருந்து என் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். எஸ்தரும் வந்திருந்தாள். போலீஸ் வாசலுக்குப் போனது. செல்லப்பனுக்குத் தமிழ்தான் வசம். நான் மொழிபெயர்க்க வேண்டும். மேடம், தமிழ் தெரிந்த ஒரு மூத்த வக்கீலை அழைத்து என் பக்கத்தில் நிறுத்தினார். "இவர் சொல்வது சரியா என்று கேட்டுக்கொண்டிருங்கள். தவறினால் உடனே நிறுத்துங்கள்." எனக்குக் கொஞ்சம் வலித்தது. அந்த வலி நியாயம் என்றும் தெரிந்தது.

"எதற்காகப் பிடித்தார்கள் என்று சொன்னார்களா?"

"இல்ல. நீயாக்கும் அடிச்சதுன்னு சொன்னாவ. நான் இல்லன்னு சொன்னேன். பின்ன அடிதான்."

"விரல்?"

"மேசைக்க டிராயருல வச்சு மூடினாவ."

"எப்போது?"

அவன் யோசித்தான். "இண்ணைக்குக் காலையில. வெயிலு ஜன்னல்ல வந்த பெறவு."

வெயில் ஜன்னலில் வந்த பிறகு. பத்தா, பதினொன்றா? அதற்கு முன்னாலா? மொழிபெயர்க்க வேண்டிய நான் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற வக்கீல்தான் அந்த வாக்கியத்தை மலையாளத்தில் சொன்னார்.

அரசு வக்கீல் எழுந்தார். மோசமான வழக்கு, ஆள் சந்தேகத்துக்குரியவன், இப்போதே முறைப்படி கைது செய்ய அனுமதிக்க வேண்டும் என்றார்.

"கைது செய்ய என் அனுமதி எதற்கு?" என்றார் மேடம். "ஆதாரம் இருந்தால் சட்டப்படி செய்யுங்கள். ஆனால் என்ன ஆதாரம் என்று சொல்லுங்கள்."

அவர் கோப்பைப் புரட்டினார். ஊர்ப் பேச்சைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

"கைதே செய்யாத ஒருவரை நான் காவலுக்கு அனுப்ப முடியாது. அந்த அதிகாரம் எனக்கு இல்லை. சட்டம் வகுத்த வழியில் அல்லாமல் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கக்கூடாது. இது எனக்கும் பொருந்தும்." டாக்டர் பரிசோதனைக்கு உத்தரவு எழுதினார். பரிசோதனை முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போகலாம். தாக்குதல் வழக்கின் விசாரணை தொடரலாம், அதை யாரும் நிறுத்தவில்லை.

வராந்தாவில் எஸ்தர் என் வழியை மறித்தாள்.

"நீ போயா அவனைக் கொண்டுவந்த?"

"எனக்கு உத்தரவு, எஸ்தரு."

"அவருக்க வாயில இருந்து ஒரு சொல்லு வரல்ல அண்ணா. அவனுக்கு வேண்டிப் பேச நீயும் ஒரு வக்கீலும் ரெண்டு பேரு. அவருக்கு வேண்டிப் பேச ஆரு உண்டு?"

அதன் பிறகு இரண்டு வருடம் அவள் என்னோடு பேசவில்லை.

அன்று ஐந்து மணிக்கு சர்க்கிள் இன்ஸ்பெக்டர் சேம்பருக்கு வந்தார். நான் கோப்போடு நின்றிருந்தேன். வெளியே போகட்டுமா என்று பார்த்தேன், மேடம் இருக்கச் சொன்னார். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். இந்த வழக்கில் மேலிடத்துக்கு அக்கறை உண்டு, மந்திரியே விசாரித்தார், இப்படிச் செய்தால் போலீஸ் எப்படி வேலை செய்யும் என்றார்.

மேடம் காத்திருந்துவிட்டுச் சொன்னார். "ஒருவரைப் பிடிக்க உங்களுக்கு அதிகாரம் யார் கொடுத்தது? மந்திரிக்கு மந்திரி என்ற பெயரை யார் கொடுத்தது? எல்லாம் ஒரே அரசியல் சட்டத்திலிருந்து வருகிறது. கொடுக்கும்போதே, இதுவரை என்று கோடு போட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள். அதிகாரத்தை வைத்துக்கொண்டு கோட்டை மட்டும் அழிக்க முடியாது."

"எங்களை நம்பவில்லையா மேடம்?"

"உங்களை நம்பாமல் எழுதியது அல்ல அது. யாரையும் நம்பி எழுதவில்லை. என்னையும் சேர்த்துத்தான். நான் எழுதும் ஒவ்வொரு உத்தரவுக்கும் காரணம் எழுத வேண்டும், தவறினால் மேலே உள்ள கோர்ட் என்னைத் திருத்தும்."

அவர் போனதும், இன்னார் இத்தனை மணிக்கு வந்து இதைப் பேசினார் என்று சீஃப் ஜுடீஷியல் மாஜிஸ்திரேட்டுக்கு ஒரு கடிதம் எழுதி என்னிடம் கொடுத்தார். மேடத்தை மாற்றிவிடுவார்கள் என்று ஆபீசில் பேச்சு வந்தது. மாற்றம் வரவில்லை. கீழ்க்கோர்ட் நீதிபதிகளின் இடமாற்றம் ஹைகோர்ட்டின் கையில், அரசாங்கத்தின் கையில் இல்லை. அதையும் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தேடிப் படித்தேன்.

எக்ஸ்ரேயில் இரண்டு விரல் எலும்பு முறிவு. எலும்பு முறிந்தால் அது சட்டத்தில் கொடுங்காயம். ஒப்புதல் வாங்குவதற்காகக் கொடுங்காயம் செய்தது பெரிய குற்றம். செல்லப்பன் கொடுத்த புகாரை வழக்காகப் பதிந்து விசாரிக்க மேடம் உத்தரவிட்டார். வேறோர் அதிகாரி விசாரித்தார். சில வாரங்களில் எஸ்.ஐ. ராஜசேகரனையே கைது செய்து எங்கள் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அன்று வளாகம் நிறையக் கூட்டம். வெள்ளறடையிலிருந்தும் பொழியூரிலிருந்தும்கூட ஆட்கள். "விலங்கு எங்க?" என்று யாரோ கத்தினார்கள். அவர் முண்டும் வெள்ளைச் சட்டையும் அணிந்து கூண்டில் நின்றார். சீருடை இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை, சின்ன ஆளாகத் தெரிந்தார். மேடம் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதினார். அறிக்கையில் கைது நேரத்தை என்னிடம் வாசிக்கச் சொன்னார். முந்தின நாள் மாலை நாலு மணி. கணக்கு சரியாக இருந்தது. போலீஸ்காரர்கள் வாசலுக்குப் போனார்கள். அவரை அருகில் அழைத்தார்.

"எதற்காகக் கைது செய்தார்கள் என்று சொன்னார்களா?"

"சொன்னார்கள்."

"வக்கீல் உண்டா?"

"உண்டு."

"போலீசைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. மேடம் தலையைத் தூக்கினார், அது அடங்கியது. அந்த இரண்டு நொடி. ராஜசேகரன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சப் ஜெயிலில் இருக்கிறவர்களில் பலரை அங்கே அனுப்பியது நான்தான். என்னை அவர்களோடு ஒரே அறையில் போடவேண்டாம் என்று எழுத முடியுமா?"

மேடம் என்னைப் பார்த்தார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: இவரைத் தனி அறையில் வைக்க வேண்டும், இவர் பாதுகாப்புக்கு ஜெயில் சூப்பிரண்டு பொறுப்பு. எழுதும்போது என் மனம் விரும்பவில்லை. கை எழுதியது. செல்லப்பன் கட்டுப் போட்ட கையோடு பின்வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

செஷன்ஸ் கோர்ட்டில் அந்த வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. டீக்கடைக்காரர் உறுதியாகச் சாட்சி சொன்னார், ஆசிரியர் தடுமாறினார். என்னைக் கூண்டில் ஏற்றிய எதிர்தரப்பு வக்கீல், நோட்டுத் தாளின் ஓரத்தில் இருந்த பச்சை எழுத்தைக் காட்டினார்.

"ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம் இந்த மனுவை ஒளித்து வைத்தது நீர்தானே?"

"நான்தான்."

"விரல் முறிந்தது அந்த நேரத்திலாக இருக்கலாம் அல்லவா?"

"இருக்கலாம்."

அதற்காக எனக்குத் துறை நடவடிக்கையும் வந்தது, ஒரு வருடச் சம்பள உயர்வு நின்றது. நான் முறையிடவில்லை. எஸ்.ஐ.க்குக் குறைந்த பிரிவில் தண்டனை கிடைத்தது, அவர் மேல்முறையீட்டுக்குப் போனார். அதற்குள் மேடம் வேறு ஊருக்குப் போயிருந்தார்.

தங்கராஜை அடித்தது யார் என்று இன்றுவரை தெரியாது. ஆதாரம் கிடைக்கவில்லை என்று போலீஸ் அறிக்கை வைத்து அந்தக் கோப்பை மூடினார்கள். செல்லப்பன் செய்யவில்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். செய்தான் என்று சொல்லவும் என்னிடம் ஒன்றும் இல்லை.

இரண்டு வருடம் கட்டிலில் கிடந்து தங்கராஜ் இறந்தார். ஜெபம் முடிந்து சவப்பெட்டியைத் தூக்கும் நேரத்தில், சாலைக்கு மறுபக்கம் செல்லப்பன் நிற்பதை யாரோ பார்த்துவிட்டார்கள். தலையில் துண்டைக் கட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். எதற்கு வந்தான் என்று தெரியாது. பழைய முதலாளி என்று வந்திருக்கலாம். எங்கள் உறவுப் பையன்கள் நாலைந்து பேர் வேலியைத் தாண்டினார்கள். ஒருவன் கையில் பந்தல் கம்பு இருந்தது. நான் ஓடினேன், ஆனால் என் கால் எட்டவில்லை.

"எலே, நில்லுங்க!"

எஸ்தரின் குரல். அவள் பெட்டியின் அருகிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள். முகம் வீங்கியிருந்தது.

"அத்தை, அவன்தான் அத்தை" என்றான் கம்பு வைத்திருந்தவன்.

"நீ கண்டியா?"

"ஊரு சொல்லுதுல்லா."

"ஊரு சொல்லும். கோர்ட்டு சொல்லும்னு நான் காத்துக் கெடந்தேன் மக்கா. கோர்ட்டு ஒண்ணும் சொல்லல்ல. அது சொல்லாததை நாம கம்பெடுத்துச் சொல்லப்பிடாது." அவன் கையிலிருந்த கம்பைப் பார்த்தாள். "அவரை அடிச்சவனும் இப்படித்தான் ஒரு கம்பியோட வந்தான். அதைக் கீழ போடு."

பையன் போடவில்லை. நின்றான். அவள் இறங்கிப் போய் அவன் விரல்களைத் தானே விரித்துக் கம்பை வாங்கி வேலிக்கு அப்பால் எறிந்தாள். சாலையின் மறுபக்கம் பார்க்கவே இல்லை. அவனை அவள் மன்னிக்கவில்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. திரும்பி வரும்போது என் முன்னால் நின்றாள்.

"அண்ணா, பெட்டிக்கு ஒரு கை கொறையுது. பிடி" என்றாள்.

நான் பிடித்தேன்.